குளியலறையும் முன்பணமும்



சென்ற ஆண்டு நமக்குச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றல் ஆணை வந்தது. பாகாலா வழியாகச் செல்லும் வண்டியில் ஏறினால் சில மணி நேரப் பயணந்தான். இரண்டு ஊர்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை; 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆதலால் ஊர் மாற்றம் நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வீடு மாற்றந்தான் பெரிதாக இருந்தது. அதிலும் வீட்டுக்காரரிடம் முடங்கியிருந்த முன்பணத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவது எப்படி என்னும் கவலையே இரவெல்லாம் நம்மை உறுத்திக்கொண்டிருந்தது.

கவலைக்குக் காரணமும் இருந்தது. சித்தூரில் நாம் முதன்முதல் குடியிருந்த வீட்டைக் காலி செய்தபோது, நாம் கொடுத்திருந்த 35,000 ரூபாயில் 9,200 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டது. வாஷ்பேசினில் விரிசல் என்று 3,000, இரண்டு குழாய்கள் கெட்டன என்று 1,800, கமோடின் இருக்கைப் பலகைக்கு 1,400, கீசருக்கு 2,000, ஓடுகளில் ஏறிய கறையைப் போக்குவதற்கு 1,000 எனக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். கூடத்திற்கோ சமையலறைக்கோ ஒரு காசும் கேட்கவில்லை. ஒன்பதாயிரத்து இருநூறும் ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள ஓர் அறையிலேயே கரைந்து போயிற்று. வாஷ்பேசினின் விரிசல் நாம் குடிபுகுந்த நாளிலேயே இருந்ததென்று நம் இல்லத்தரசி உறுதியாகச் சொன்னார். ஆனால் அதனை மெய்ப்பிக்க நம்மிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வாய்ச்சொல்லுக்கு எதிராக வாய்ச்சொல் நின்றது. பணம் அவர் கையில் இருந்தது.

குளியலறையிலேயே வழக்கு எழுவதற்குக் காரணம் உண்டு. வீட்டின் மற்ற அறைகளில் சுவரும் தரையும் கதவுமே உள்ளன. குளியலறையிலோ திருகுவது, அழுத்துவது, ஒழுகுவது, சூடாவது என்று அசைகின்ற பொருள்கள் பத்துப் பதினைந்து இருக்கின்றன. அவற்றோடு நம் பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாறைக்கு அடியிலிருந்து ஏறி வரும் அந்நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஒரு செம்பு நீரை அடுப்பில் கொதிக்க வைத்தால் அடியில் வெண்படிவம் தங்குவதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கறிவர். அதே படிவந்தான் குழாயின் வாயிலும், ஷவரின் துளைகளிலும், கீசரின் உள்ளேயும், ஓடுகளின் மேலும் நாள்தோறும் சிறிது சிறிதாக ஏறுகிறது. மூன்று ஆண்டு கழிந்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது, யாரும் உடைக்காத பொருளும் உடைத்தது போல் காட்சியளிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறதென்று முதலில் பார்த்துக்கொள்வோம். 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108 ஆம் பிரிவில் (எம்) என்னும் கூறு இதற்குரியது. வீட்டைத் தன் வசம் ஒப்படைத்தபோது அது எந்நிலையில் இருந்ததோ அந்நிலையில் குடியிருப்பவர் திருப்பித் தரவேண்டும். ஆயினும் நியாயமான தேய்மானத்தினாலோ தடுக்க முடியாத சக்தியினாலோ ஏற்பட்ட மாறுதலுக்கு அவர் பொறுப்பல்லர் என்பது அதன் கருத்து. இதில் இரண்டு சொற்கள் நமக்கு முக்கியமானவை. ஒன்று, ‘ஒப்படைத்தபோது இருந்த நிலை’. மற்றொன்று, ‘நியாயமான தேய்மானம்’. முதலாவதை அறிவதற்குக் குடிபுகுந்த நாளின் பதிவு வேண்டும். இரண்டாவதை வாதிடுவதற்குக் காலி செய்யும் நாளின் பதிவு வேண்டும். இரண்டும் இருந்தால் பேசுவதற்கு இடமுண்டு. இல்லாவிட்டால் நம் முதல் வீட்டின் கதைதான்.

அப்பிரிவு, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்தே செல்லும் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். ஆகவே பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையொப்பம் இடுவதற்கு முன், பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்னும் வரியை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. எல்லாப் பழுதும் குடியிருப்பவருடையதே என்று எழுதிக் கையொப்பமும் போட்டுவிட்டால், பின்னர் தேய்மானத்தைப் பற்றி வாதிடுவது கடினமாகிவிடும்.

யார் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. மத்திய அமைச்சரவை 2021 ஆம் ஆண்டு ஜூன் 2 ஆம் நாள் ஒப்புதல் அளித்த மாதிரிக் குடிவாரச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பழுதுகளை இரு பங்காகப் பிரிக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும், தேவையானபோது குழாய்களை மாற்றுவதும், மின்கம்பி இணைப்பும் வீட்டுக்காரர் பங்கு. குழாயின் வாஷரும் குழாய்த் தலையும் மாற்றுவது, சாக்கடைத் துளையைத் தூய்மை செய்வது, கழிப்பறைப் பீங்கான், வாஷ்பேசின், கீசர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது எல்லாம் குடியிருப்பவர் பங்கு. அது வெறும் மாதிரியே. மாநிலச் சட்டமன்றம் அதனை ஏற்றுச் சட்டமாக்கினாலன்றி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் வீட்டுக்காரரோடு பேசும்போது அப்பட்டியலை எடுத்துக் காட்டுவதில் தவறில்லை. அதில் நமக்கு அனுகூலம் சிறிது. பாதகமும் சிறிது உண்டு. கீசர் பழுது நம் பங்கு என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். நம் இரயில்வேயில் ஒருவர் பொறுப்பை விட்டு மற்றொருவர் ஏற்கும்போது, அங்குள்ள நாற்காலி முதல் பூட்டு வரை எழுதி இருவரும் கையொப்பமிடும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தையே வீட்டிற்கும் கொண்டுவந்தோம். ஒரு முழுத்தாளைக் குறுக்காகப் பிரித்து, பொருளின் பெயர், எண்ணிக்கை, வேலை செய்கிறதா, காணப்படும் குறை, படத்தின் எண் என ஐந்து கட்டங்கள் கோடிட்டோம். ‘நல்ல நிலை’ என்னும் சொல்லை மட்டும் பெரும்பாலும் எழுதாமல் இருந்தோம். அச்சொல் எதையும் சொல்லாது. ‘இடப்பக்கக் குழாய் திறக்கிறது, மூடிய பின் சொட்டவில்லை, முலாம் கைப்பிடியில் இரண்டு இடத்தில் உரிந்துள்ளது’ என்று எழுதினால்தான் பின்னர் யாரும் அதனை வேறாகப் பொருள்கொள்ள முடியாது.

மொழி குறித்தும் ஒரு சொல். நம் இரண்டாம் வீட்டுக்காரருக்குத் தமிழ் பேசத் தெரியும். சித்தூரில் அது அரிதன்று. ஆனால் அவர் படிப்பதும் எழுதுவதும் தெலுங்கிலேயே. நாமோ தெலுங்கில் பெயர்ப்பலகை படிக்கும் அளவினர். ஆகையால் ஒவ்வொரு வரியின் கீழும் தெலுங்கில் அதே செய்தியை நம் அலுவலகத்துத் தெலுங்கு நண்பர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தோம். தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் எவரும் மனமொத்துக் கையொப்பம் இடமாட்டார். இட்டாலும் பின்னர் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லிவிடலாம்.

இப்போது அறைக்குள் செல்வோம். இடக்கைப் பக்கம் தொடங்கிச் சுற்றிவந்து கதவண்டை முடிப்பது நம் முறை. அப்படிச் செய்தால் எந்தப் பொருளும் விடுபடாது. கூடவே ஓர் அளவுகோலும், ஒரு பென்சிலும், பழைய செய்தித்தாளும், ஒரு நாணயமும், சொட்டு நீலமும் எடுத்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டி நிறைந்திருக்கும் நேரமாகப் பார்ப்பது அவசியம். நீரழுத்தம் இல்லாத வேளையில் சோதித்தால் ஒழுகும் குழாயும் ஒழுகாதது போலிருக்கும்.

குழாயைத் திறந்து ஓடவிட்டு இயல்பான விசையோடு மூடுங்கள். அழுத்தி மூடக்கூடாது. பின் அதன் கீழ் ஒரு செம்பை வைத்துப் பத்து நிமிடம் பார்த்திருங்கள். செம்பில் தண்ணீர் சேர்ந்தால் ‘மூடிய பின் சொட்டுகிறது’ என்று எழுத வேண்டும். பெரும்பாலும் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். அதற்காகக் குழாயையே மாற்ற வேண்டும் என்பது பொருந்தாத வாதம். வாஷரை மாற்றுவது சிறு செலவு. அதனை நாமே காலி செய்வதற்கு முன் செய்துவிடுவது நல்லது. ஆனால் அண்மைக் காலத்தில் பல வீடுகளில் கால் சுற்றிலேயே திறந்து மூடும் குழாய்கள் உள்ளன. அவற்றில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடு பொருந்திய உறை இருக்கும். அது கெட்டால் உறையை மாற்ற வேண்டும்; மிகவும் பழைய குழாய்க்கு அவ்வுறை கிடைப்பது அரிது. அப்போது வீட்டுக்காரர் புதுக்குழாய் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அப்பழைய குழாயின் வயதையும் கணக்கிற் கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லலாம்.

குழாயின் மேல் காணும் வெண்மை கறையா, முலாம் போனதா என்பதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். இங்குதான் பிடித்தம் பிறக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியை அவ்விடத்தில் அரை மணி நேரம் சுற்றி வைத்துப் பின் துடைத்துப் பாருங்கள். வெண்மை கரைந்து பளபளப்பு தோன்றினால் அது சுண்ணாம்புப் படிவம், பழுதன்று. கரையாமல் மஞ்சளாகவோ பச்சையாகவோ உலோகம் தெரிந்தால் முலாம் போயிற்று என்று பொருள். சிலர் அவசரத்தில் கடையில் விற்கும் ஆசிடை ஊற்றித் தேய்ப்பதுண்டு. நாமும் முதல் வீட்டில் அதைச் செய்தோம். கறை போயிற்று, அதனோடு குழாயின் முலாமும் ஓடுகளின் இடையிலிருந்த சிமெண்டும் போயின. காலி செய்யும் நாளில் அதுவும் நம் பேரில் சேர்ந்தது. அன்றியும் மூடிய அறையில் ஆசிடின் ஆவி மூச்சையும் கண்ணையும் எரிக்கும். பிளீச்சிங் பொடியோடு சேர்ந்தால் அது நஞ்சாகவே ஆகிவிடும்.

அடுத்தது கமோடு. அதன் மேல் உட்கார்ந்து இடவலமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அடியில் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. பிறகு அடியில் கசிவும் வரும். தொட்டியின் ஒழுக்கைக் கண்டுபிடிக்க அம்மாமார் துணிக்கு இடும் சொட்டு நீலமே போதும். தொட்டி நிரம்பியபின் அதில் சில துளிகள் விட்டு, இருபது நிமிடம் யாரும் தண்ணீர் திறந்துவிடாமல் காத்திருங்கள். பீங்கானுக்குள் நீலம் இறங்கினால் தொட்டியின் அடைப்பான் ஒழுகுகிறது. இதனை எழுதுவது வெறும் நுணுக்கமன்று. இரவு முழுதும் ஒழுகும் தொட்டியால் மாடித் தொட்டி காலியாகி, ‘இந்த வீட்டில் தண்ணீர் அதிகம் செலவாகிறது’ என்ற குற்றச்சாட்டு நம் தலைமேல் வரும். இருக்கைப் பலகையின் கீலையும் கவனியுங்கள். பலகை உடைவதைவிடக் கீல் உடைவதே மிகுதி. கீல் தனியாகக் கிடைப்பதும் உண்டு.

வாஷ்பேசினில் கண்ணுக்குத் தெரியும் கோடு எல்லாம் விரிசல் அன்று. மேற்பூச்சில் மட்டும் நுண்ணிய வலைபோல் கோடுகள் விழுவதுண்டு. அவை பல்லாண்டு இருந்தும் ஒழுகா. உண்மை விரிசலைக் காண விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். விரிசலில் நகம் தடைப்படும். பின் ஒரு சொட்டு பேனா மையை அங்கே வைத்துத் துடைத்தால் கோட்டில் மட்டும் மை நிற்கும். நாணயத்தால் மெல்லத் தட்டினால் முழுப் பீங்கான் கணீரென ஒலிக்கும். விரிந்தது மந்தமாக ஒலிக்கும். வடிகுழாயை அடைத்துப் பேசினை நிரப்பி, அடியில் உலர்ந்த செய்தித்தாளைப் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் கசிவு தாளில் ஈரமாகத் தெரியும். விரிசல் இருந்தால் அதன் நீளத்தை அளவுகோலால் அளந்து எழுதி, இரு முனையிலும் பென்சிலால் ஒரு சிறு குறி இடுங்கள். இந்தக் குறிதான் நம்மைக் காப்பாற்றியது. அதனைப் பின்னர் சொல்வோம்.

கீசரை இயக்குவதற்கு முன், குழாயில் நீர் வருவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தண்ணீரில்லாத கீசரைப் போட்டால் அதன் சூடேற்றும் கம்பி கருகிவிடும். அதனைத் திறந்து பார்க்க நாம் முயலக்கூடாது. 15 லிட்டர் கொள்ளளவும் 2,000 வாட் ஆற்றலும் உள்ள கீசர், சாதாரண வெப்பத்தில் உள்ள நீரை அறுபது பாகை வரை ஏற்றச் சற்றேறக்குறைய 18 முதல் 20 நிமிடம் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் குறைந்த மாலை வேளையில் இதைவிட வெகுநேரம் ஆகும். ஆதலால் பகலில் சோதிப்பது உத்தமம். உள்ளே படபடவென வெடிக்கும் ஒலி கேட்டால் சுண்ணாம்பு கம்பியைச் சூழ்ந்திருக்கிறது என்பதற்கு அறிகுறி. விளக்கு எரிந்தும் நீர் சூடாகாவிட்டால் கம்பியோ வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோ போயிருக்கலாம். கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சூடாகும்போது சில துளிகள் விழுவது குற்றமன்று. சூட்டினால் விரிவடையும் நீர் அவ்வழியே வெளியேறுகிறது. இதனைக் கசிவு என்று எழுதிவிடுவோர் உண்டு. குளிர்ந்திருக்கும்போதும் ஓயாமல் ஒழுகினால்தான் கேட்க வேண்டும்.

ஓடுகளை நாணயத்தால் தட்டி, வெற்றொலி தரும் ஓட்டை மட்டும் எண்ணிட்டுக் குறித்தால் போதும். தரையில் இரண்டு வாளி நீரை ஊற்றி அது எத்தனை நிமிடத்தில் வடிகிறதென்று பாருங்கள். ஷவர், கை கழுவும் தெளிப்பான், துண்டு போடும் கம்பி, கண்ணாடி, சாளரக் கண்ணாடி ஆகியவை பத்து நிமிட வேலை. தெளிப்பானின் கம்பிக் குழலை வளைத்துப் பார்த்து, முனையில் ஒழுகினால் எழுதுங்கள்.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்மைப் படத்தால் மட்டும் பயனில்லை. விரிசலை அருகிலிருந்து பார்த்தால் அது எந்த வீட்டு வாஷ்பேசின் என்று யாருக்குத் தெரியும்? முதலில் கதவருகே நின்று அறை முழுவதும் தெரியுமாறு ஒன்று, பிறகு பொருள் தெரியுமாறு ஒன்று, பிறகு அளவுகோலை ஒட்டிவைத்துக் குறை தெரியுமாறு ஒன்று என மூன்று எடுங்கள். அன்றே வீட்டுக்காரரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்; அனுப்பிய நாளும் நேரமும் அதிலே நிற்கும். எடுத்த கைப்பேசியை விற்றுவிடாமல் மூலப் படங்களைக் காத்து வைப்பதும் நல்லது. 2024 ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவின்படி, இத்தகைய படத்தின் நகலை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழும் வேண்டும்.

இப்போது நம் இரண்டாம் வீட்டின் கணக்கைச் சொல்கிறோம். முன்பணம் 40,000 ரூபாய். குடிபுகுந்த நாளில் பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அதில் வாஷ்பேசினின் வலப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் விரிசல் என்றும், முனைகளில் குறி இடப்பட்டது என்றும் இருந்தது. வீட்டுக்காரர் அதனைப் படித்துச் சிரித்தார். ‘பேங்க் வேலைக்காரரைப் போல எழுதியிருக்கிறீர்களே, சார்’ என்றார். சிரிப்பு நமக்குத் துன்பம் தரவில்லை. கையொப்பம் விழுந்ததே போதும்.

மூன்று ஆண்டு கழிந்து மாற்றல் ஆணை கைக்கு வந்தவுடன் ஒரு மாத அறிவிப்புக் கொடுத்தோம். காலி செய்வதற்குப் பத்து நாட்களுக்கு முன், பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தனியே ஒருமுறை சுற்றி வந்தோம். இதனைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்கக்கூடாது. மூட்டை கட்டும் குழப்பத்தில் எதுவும் கண்ணில் படாது. இரண்டு குழாய்கள் சொட்டின. தெளிப்பானின் குழல் முனையில் ஒழுகியது. சோப்புத் தட்டு ஒன்று நம் இளைய மகன் கைபட்டு உடைந்திருந்தது. கீசரின் விளக்கு எரிந்தது, தண்ணீர் சூடாகவில்லை. வாஷ்பேசின் விரிசல் குறியைக் கடந்து ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. குழாய்காரரை அழைத்து இரண்டு வாஷரும் ஒரு குழலும் மாற்றினோம். 420 ரூபாய் ஆயிற்று. அவரிடம் ரசீதும் வாங்கிக்கொண்டோம். ஓடுகளின் வெண்கறையை எலுமிச்சையாலும் வினிகராலும் மூன்று மாலைகளில் பெரும்பாலும் துடைத்துவிட்டோம்.

ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரர் 7,800 ரூபாய்க்கு ஒரு கணக்கு கொண்டுவந்தார். வாஷ்பேசினுக்கு 3,500, குழாய்களுக்கு 1,200, கீசர் கம்பிக்கு 1,600, ஓடு துடைப்பதற்கு 1,500. முதலில் குழாய்களைத் திறந்து மூடி, பத்து நிமிடம் செம்பு வைத்துக் காட்டினோம், ரசீதையும் நீட்டினோம். அந்த 1,200 அப்போதே போயிற்று. ஓடுகளுக்குப் பழைய படத்தையும் புதிய அறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழைய படத்திலேயே கறை மிகுதியாக இருந்தது. அதுவும் போயிற்று.

வாஷ்பேசினில் சற்று நேரம் வாதம் நடந்தது. ‘விரிசல் வளர்ந்திருக்கிறதே, நீங்கள் சுடுநீர் ஊற்றியதால்தானே?’ என்றார். சுடுநீர் ஊற்றவில்லை என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. மார்கழி மாதத்தில் முகம் கழுவாமல் இருக்க முடியுமா? ஆனால் பட்டியலில் அவருடைய கையொப்பத்தின் மேல் விரிசல் இருந்தது; குறியும் பென்சிலில் மங்காமல் நின்றது. விரிந்த பீங்கான் நாளுக்கு நாள் வளர்வது இயல்பென்றும், அந்தப் பேசினை என்றாயினும் அவரே மாற்றியிருக்க வேண்டுமென்றும் சொன்னோம். அவர் சிறிது யோசித்து, தம் மனைவியாரோடு தெலுங்கில் ஏதோ பேசி, 3,500ஐ அடித்துவிட்டார்.

கீசரில் நாம் வெல்லவில்லை. மூன்று ஆண்டு பயன்படுத்தியது நாம். குடிபுகுந்தபோது அது இருபது நிமிடத்தில் சூடானது என்று நம் பட்டியலே சொல்கிறது. நம் எழுத்து நம்மையே கட்டியது. ஆனால் கம்பி பழையது, நீர் கடினமானது என்பதைச் சொல்லிப் பாதியாக 800 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டோம். சோப்புத் தட்டு அவர் கணக்கில் இல்லை. ஆயினும் நாமே சொல்லி அதற்கு 250 கொடுத்தோம். அதனைச் சொன்ன பிறகே அவர் குரல் மென்மையாயிற்று என்பது நம் எண்ணம். ஆக 1,050 போக 38,950 ரூபாய் அன்று மாலையே வங்கிக் கணக்கில் வந்தது. புதிய பட்டியலின் அடியில் ‘சாவி இரண்டும் பெற்றுக்கொண்டேன், முன்பணக் கணக்கு தீர்ந்தது’ என்று தெலுங்கில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கினோம். நாமும் அதன் கீழ் கையொப்பமிட்டோம்.

எல்லா வீட்டுக்காரரும் இவ்வாறு உடன்படுவர் என்று சொல்வதற்கில்லை. கையொப்பமிட மறுத்தால் சாட்சியாக அண்டை வீட்டார் ஒருவரை வைத்துச் சுற்றிப் பார்த்து, அவர் கையொப்பத்தோடு பட்டியலின் ஒரு படியை ஸ்பீட் போஸ்டில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடலாம். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் காணொளி அழைப்பில் காட்டி, பின்னர் அச்செய்தியை எழுத்தில் உறுதி செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகும் பணம் வரவில்லையெனில், தொகையையும் நாளையும் குறித்து ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்குக்குச் செல்லுமுன் சித்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகினால், 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் மக்கள் நீதிமன்றத்தின் வழியாகக் கட்டணமின்றிச் சமரசம் பேசலாம். அங்கு உடன்பாடு ஏற்பட்டால் அதற்கு மேல்முறையீடு இல்லை. ஆனால் உடன்பாட்டுக்கு இருவரும் இசைய வேண்டும் என்பது அதன் எல்லை. ஆறாயிரம் ஏழாயிரத்துக்காக நீதிமன்றம் ஏறுவது நம்மவர்க்கு இயலாது. இதனை வீட்டுக்காரரும் அறிவார் என்பதே இவ்விவகாரத்தின் கசப்பு.

திருப்பதி வீட்டிற்குள் நாம் நுழைந்த அன்று மாலை, மூட்டைகளை அவிழ்ப்பதற்கு முன்பே கோடிட்ட தாளோடு குளியலறைக்குச் சென்றோம். நீலம் விட்ட இருபது நிமிடத்தில் கமோடு முழுதும் நீலமாகிவிட்டது. புதிய வீட்டுக்காரர் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாம் எழுதியதைத் தெலுங்கில் படித்துக் காட்டினோம். மறுநாள் காலையிலேயே அடைப்பானை மாற்ற ஆள் வந்தார்.